ஏழு லட்சம் பேர் என்ற மயக்கம்

ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின் தரவை வைத்து எழுதப்படும் கட்டுரைகளில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது: "இந்த ஆய்வு 7,24,115 பெண்களிடம் நடத்தப்பட்டது, எனவே இதன் முடிவுகள் மிகவும் நம்பகமானவை." முதல் பாதி உண்மை. 2019 ஜூன் முதல் 2021 ஏப்ரல் வரை, 707 மாவட்டங்களில், மும்பையின் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் ஒருங்கிணைத்து நடத்திய மாபெரும் வேலை அது. பிழை அந்த 'எனவே'யில் இருக்கிறது. எத்தனை பேரைக் கேட்டோம் என்பது நம்பகத்தைத் தராது. யாரை, எந்த வாய்ப்பில் தேர்ந்தெடுத்துக் கேட்டோம் என்பதுதான் தரும். அதைக் கணக்கில் கொள்ளாத கட்டுரை, தரவு பெரிதாக ஆக, தவறான விடையை இன்னும் உறுதியான குரலில் சொல்லும்.

எதிர்த்தரப்பு சொல்வதை அதன் முழு வலிமையோடே எடுத்துக்கொள்கிறேன். மூன்று வாதங்கள் உண்டு. மாதிரி இவ்வளவு பெரிதாக இருக்கும்போது சிறு கோணல்கள் தாமே கரைந்துவிடும் என்பது முதலாவது. எடையைப் போட்டுவிட்டோம், அதற்குமேல் என்ன வேண்டும் என்பது இரண்டாவது. நாங்கள் சராசரி கணிக்கவில்லை, பின்னடைவு மாதிரி பொருத்துகிறோம், அதற்கு எடையே தேவையில்லை என்பது மூன்றாவது. முதலாவது முழுத் தவறு. இரண்டாவது பாதி வேலையை முழு வேலை என்கிறது. மூன்றாவதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மை, அதைச் சொல்பவர்கள் நினைக்கும் இடத்தில் இல்லை.

முதல் வாதத்துக்கு வருவோம். இந்த ஆய்வு ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனி மதிப்பீடு தரும்படி வடிவமைக்கப்பட்டது. ஆகவே மாவட்டம் சிறிதோ பெரிதோ, ஏறத்தாழ ஒத்த அளவில் வீடுகள் எடுக்கப்பட்டன. இதன் விளைவை இரண்டு மாநிலங்களில் பார்க்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் 3.34 கோடிப் பேர். அருணாசலப் பிரதேசத்தில் 13.8 லட்சம் பேர். ஆய்வில் பேட்டி காணப்பட்ட பெண்களோ கேரளத்தில் 10,969, அருணாசலத்தில் 19,765. கேரளத்தில் மாவட்டங்கள் குறைவு, அருணாசலத்தில் அதிகம்; அதனால் மக்கள்தொகையில் இருபத்து நான்கில் ஒரு பங்கான மாநிலத்திலிருந்து கிட்டத்தட்ட இரு மடங்கு பெண்கள் மாதிரிக்குள் வந்திருக்கிறார்கள். இது வடிவமைப்பின் குறை அல்ல. மாவட்ட மதிப்பீடு வேண்டுமென்றால் இப்படித்தான் செய்தாக வேண்டும். ஆனால் இந்தியா என்று எழுதும்போது, கேரளப் பெண் ஒருவர் அருணாசலப் பெண் ஒருவரைவிடச் சுமார் நாற்பது மடங்கு அதிகமான மக்களுக்காகப் பேசுகிறார் என்பதை மறக்க முடியாது. எடை என்பது அதைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. ஒருவர் தேர்ந்தெடுக்கப்படும் வாய்ப்பின் தலைகீழ் எண் அது. பதிலளிக்காதவர்களுக்கான திருத்தமும் அதில் சேர்ந்திருக்கும்.

எடை போடாவிட்டால் என்ன ஆகும்? இந்த இரு மாநிலங்கள் மட்டுமே ஒரு நாடு என்று வைத்துக்கொள்வோம். ஏதோ ஒரு மருத்துவச் சேவை கேரளத்தில் 90 சதவீதம் பெண்களுக்கும் அருணாசலத்தில் 50 சதவீதம் பெண்களுக்கும் கிடைக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம்; இந்தச் சதவீதங்கள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. மாதிரியில் உள்ள 30,734 பெண்களையும் சமமாக எண்ணினால் சராசரி 64.3 சதவீதம். மக்கள்தொகை விகிதப்படி கணித்தால் 88.4 சதவீதம். இருபத்து நான்கு புள்ளி இடைவெளி. இனி, எடை போடாத கணக்கின் 95 சதவீத நம்பிக்கை இடைவெளியைப் பாருங்கள்: 63.7 முதல் 64.8 வரை. உண்மை விடை இதன் அருகில்கூட இல்லை. மாதிரியைப் பத்து மடங்காக்கினாலும் இதே விகிதத்தில் எடுத்தால் சராசரி 64.3-லேயே நிற்கும், இடைவெளி மட்டும் இன்னும் குறுகும். பெரிய மாதிரி குறைப்பது தற்செயல் பிழையைத்தான். தேர்வு வாய்ப்பு சமமில்லாததால் வரும் சாய்வை அது தொடுவதே இல்லை. கோணல் தானே கரையும் என்ற முதல் வாதம் இந்த ஒரு கணக்கிலேயே விழுந்துவிடுகிறது.

எல்லா மாநிலங்களையும் சேர்த்துக் கணிக்கும்போது இடைவெளி இவ்வளவு பெரிதாக இருக்காது என்பார்கள். இருக்கலாம். ஆனால் எந்த அளவையில் சிறிதாக இருக்கும், எதில் பெரிதாக இருக்கும் என்பது எடை போட்டுப் பார்த்தால்தான் தெரியும். பார்க்காமலேயே சிறியது என்று சொல்வதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது.

இரண்டாவது வாதம்தான் இன்று அதிகம் பரவியிருப்பது. 'மாதிரி எடைகள் பயன்படுத்தப்பட்டன' என்ற ஒரு வரி முறையியல் பகுதியில் இருந்தால் போதும், ஆசிரியர் குழுவும் மதிப்பீட்டாளரும் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். அந்த வரிக்குப் பின்னால் பெரும்பாலும் நடப்பது எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளில் இரண்டு கட்டளைகள்:

```
compute wt = v005/1000000.
weight by wt.
```

இதனால் சதவீதம் சரியாகிவிடும். திட்டப் பிழை சரியாகாது. அந்த மென்பொருளின் அடிப்படைச் செயல்முறைகளில் பெரும்பாலானவை எடையை ஆள் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்கின்றன. நாடு முழுவதிலுமிருந்து ஒவ்வொருவராகக் குலுக்கி எடுத்த ஏழு லட்சம் பேர் என்று நினைத்துத் திட்டப் பிழையைக் கணிக்கின்றன. ஆய்வோ அப்படி நடக்கவில்லை. முதலில் கிராமங்களும் நகர்ப்புறக் கணக்கெடுப்புத் தொகுதிகளும் தேர்ந்தெடுக்கப்பட்டன; அப்படி 30,198 கொத்துகளில் களப்பணி முடிந்தது. பிறகு ஒவ்வொரு கொத்திலும் வீடுகளைப் பட்டியலிட்டு 22 வீடுகள் எடுக்கப்பட்டன. சராசரியாக ஒரு கொத்துக்கு 24 பெண்கள்.

ஒரே கிராமத்தின் அந்த 24 பெண்களும் ஒரே மேல்நிலைத் தொட்டியின் தண்ணீரைக் குடிக்கிறார்கள். ஒரே அங்கன்வாடிக்குப் போகிறார்கள். கிராமச் செவிலியர் வந்தால் எல்லோர் வீட்டுக்கும் வருவார். வராவிட்டால் யார் வீட்டுக்கும் வரமாட்டார். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். ஒரே தீயில் வெந்த சோறு என்பதால்தான் அது உண்மை. அதே காரணத்தால், ஒரே பானையிலிருந்து இருபத்து நான்கு பருக்கைகளை எடுத்துப் பார்த்தாலும் அடுத்த வீட்டுப் பானையைப் பற்றி ஒன்றும் தெரிந்துவிடாது. குழாய்த் தண்ணீர் வருகிறதா என்று அந்தக் கிராமத்தில் முதல் பெண்ணைக் கேட்டதும் மற்றவர்களின் விடை பெருமளவு தெரிந்துவிடுகிறது. மீதி இருபத்து மூன்று பேட்டிகள் தரும் புதிய தகவல் குறைவு.

எவ்வளவு குறைவு என்பதைத்தான் வடிவமைப்பு விளைவு அளக்கிறது. லெஸ்லி கிஷ் 1965-இல் வெளியிட்ட மாதிரிக் கணக்கெடுப்பு நூல் வழியாகப் பரவலான கருத்து இது. எளிய வடிவம்:

```
deff = 1 + (m - 1) × ρ
```

இதில் `m` என்பது ஒரு கொத்தில் எத்தனை பேர். `ρ` என்பது ஒரே கொத்தில் இருப்பவர்களின் விடைகள் எந்த அளவு ஒத்துப்போகின்றன என்பது. `m` 24 என்று வைத்துக்கொள்ளுங்கள். `ρ` வெறும் 0.05 ஆனாலும் வடிவமைப்பு விளைவு 2.15, நம்பிக்கை இடைவெளி ஏறக்குறைய ஒன்றரை மடங்காக வேண்டும். தண்ணீர், கழிப்பறை, மின்சாரம் போல ஊரே பகிர்ந்துகொள்ளும் விஷயங்களில் இந்த ஒப்புமை மிக அதிகம். `ρ` 0.3 என்றால் வடிவமைப்பு விளைவு 7.9. அப்போது ஏழே கால் லட்சம் பெண்கள் தரும் தகவல், தனித்தனியாகக் குலுக்கி எடுத்த சுமார் 92 ஆயிரம் பேர் தரும் தகவலுக்குச் சமம்.

92 ஆயிரம் பேர் இருந்தால் போதாதா என்று கேட்கலாம். அகில இந்தியச் சதவீதம் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் போதும். கட்டுரைகள் அங்கே நிற்பதில்லை. மாவட்டங்களை வரிசைப்படுத்துகின்றன, எது முன்னேறியது எது பின்தங்கியது என்று தீர்ப்புச் சொல்கின்றன. மாவட்ட அளவில் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சராசரி மாவட்டத்தில் சுமார் 1,024 பெண்கள், 43 கொத்துகள். ஒரு மாவட்டத்தில் ஒரு வசதி 48 சதவீதம், பக்கத்து மாவட்டத்தில் 55 சதவீதம். எல்லோரையும் தனித்தனியாகக் குலுக்கி எடுத்ததாக நினைத்துக் கணித்தால் ஒவ்வொன்றின் இடைவெளியும் கூட்டல் கழித்தல் 3.1 புள்ளி, வேறுபாட்டின் `z` மதிப்பு 3.2, `p` மதிப்பு 0.002-க்கும் கீழ். 'புள்ளியியல் ரீதியாகத் தெளிவான வேறுபாடு' என்று கட்டுரை எழுதிவிடும். வடிவமைப்பு விளைவு 7.9-ஐச் சேர்த்தால் இடைவெளி கூட்டல் கழித்தல் 8.6 புள்ளியாக விரிகிறது, `z` 1.1-க்கு இறங்குகிறது, `p` 0.26 ஆகிறது. அதே எண்கள், அதே எடைகள்தான். ஆனால் இப்போது அந்த இரு மாவட்டங்களுக்கும் வேறுபாடு உண்டு என்று இந்தத் தரவை வைத்துச் சொல்லவே முடியாது. எடை போட்டிருந்தார்கள் என்பது இங்கே எந்த வகையிலும் உதவவில்லை. பின்தங்கிய மாவட்டம் என்று பெயர் வாங்கியது மட்டும் அந்த மாவட்டத்துக்கு மிச்சம்.

ஒப்பிடப்படும் காரணி தனிநபரிலிருந்து கிராமம், மாநிலம் என்று மேலே போகப் போக நிலைமை கடுமையாகிறது. ஒரே கிராமத்துக்குள் படித்த பெண்ணையும் படிக்காத பெண்ணையும் ஒப்பிட்டால் கொத்தின் தாக்கம் இருவருக்கும் பொதுவாக இருப்பதால் இழப்பு குறைவு. சுகாதார நிலையம் எவ்வளவு தூரம் என்பது கிராமம் முழுவதற்கும் ஒன்றே. அதன் தாக்கத்தை அளந்தால் முழு இழப்பும் வந்து சேரும். ஒரு மாநில அரசின் திட்டம் பலன் தந்ததா என்று கேட்டால், உண்மையில் வேறுபடும் அலகுகள் 28 மாநிலங்களும் 8 ஒன்றியப் பிரதேசங்களும் மட்டுமே. முப்பத்தாறு அலகுகளில் தேடிய விடைக்கு ஏழு லட்சத்தின் துல்லியத்தைக் கோருவது, இல்லாத சான்றை உண்டென்று சொல்வதாகும்.

எடையைப் போடுவதிலேயே எந்த எடை என்ற கேள்வியும் இருக்கிறது. குடும்ப வன்முறை பற்றிய கேள்விகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவை மாதிரி வீடுகளில் ஒரு சிறு பங்கில் மட்டும், அதுவும் ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம் மட்டும் கேட்கப்படுகின்றன. மற்றவர் காதில் விழாமல் பேசுவதற்கான பாதுகாப்பு ஏற்பாடு அது. தகுதியுள்ள பெண் ஒருவரே இருக்கும் வீட்டில் அவர் தேர்வாவது உறுதி. மாமியாரும் இரண்டு மருமகள்களும் கல்யாணமாகாத மகளும் சேர்ந்திருக்கும் வீட்டில் நால்வரும் தகுதி வயதில் இருந்தால் ஒவ்வொருவருக்கும் வாய்ப்பு கால் பங்கு. இதைச் சரிசெய்யவே `d005` என்ற தனி எடை கோப்பில் இருக்கிறது. வழக்கமான `v005`-ஐயே இங்கும் பயன்படுத்தினால் கூட்டுக் குடும்பத்துப் பெண்களின் குரல் முடிவில் தேய்ந்துவிடும். வன்முறையைப் பற்றிய கட்டுரையில், யாரோடு சேர்ந்து வாழ்கிறார் என்பதே விடையை மாற்றக்கூடிய இடத்தில், இந்தத் தவறு நடக்கக் கூடாது.

மூன்றாவது வாதம் மரியாதைக்குரியது. பின்னடைவு மாதிரியில், தேர்வு வாய்ப்பைத் தீர்மானித்த எல்லாக் காரணிகளும் மாதிரிக்குள் சரியான வடிவில் இருந்தால், எடை இல்லாமலேயே குணகங்கள் சாய்வின்றி வரும். எடை போட்டால் திட்டப் பிழைதான் கூடும். இது நிறுவப்பட்ட விஷயம். ஆங்கஸ் டீட்டன் 1997-இல் எழுதிய குடும்பக் கணக்கெடுப்புப் பகுப்பாய்வு நூலிலும், சோலன், ஹைடர், வுல்ட்ரிட்ஜ் மூவரும் 2015-இல் எழுதிய கட்டுரையிலும், கண்ணை மூடிக்கொண்டு எடை போடுவதற்கு எதிரான எச்சரிக்கை இருக்கிறது. அதை நான் முழுதாக ஏற்கிறேன்.

ஆனால் 'இருந்தால்' என்ற நிபந்தனையைப் பாருங்கள். தாயின் படிப்பு குழந்தையின் ரத்தசோகையைக் குறைக்கிறது என்று காட்டும் கட்டுரை ஒன்றை எடுத்துக்கொள்வோம். படிப்பின் விளைவு எல்லா மாநிலங்களிலும் ஒன்றே என்றால், எடை போட்டாலும் போடாவிட்டாலும் விடை ஏறத்தாழ ஒன்றாகவே வரும். மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டால் எடை போட்ட குணகம் நாட்டு மக்களின் கணக்குப்படி அமைந்த ஒரு சராசரிக்கு அருகில் வரும். எடை போடாத குணகமோ, ஆய்வாளர்கள் எங்கே அதிகக் கொத்துகளை எடுத்தார்கள் என்பதைப் பொறுத்த ஒரு கலவையாக இருக்கும். அந்தக் கலவை எந்த மக்களைப் பற்றியும் பேசாது. அங்கே வெறுமனே எடை போடுவதும் தீர்வல்ல என்பதே டீட்டனின் வாதம். விளைவு வேறுபடுகிறது என்றால் அந்த வேறுபாட்டையே மாதிரிக்குள் கொண்டுவர வேண்டும். ஆகவே செய்ய வேண்டியது தெளிவு: இரண்டு விதமாகவும் கணியுங்கள், இரண்டையும் அச்சிடுங்கள். ஒத்துப்போனால் உங்கள் வாதம் வலுப்பெறும். ஒத்துப்போகாவிட்டால் உங்கள் மாதிரியில் ஏதோ விடுபட்டிருக்கிறது. அதைத் தேடுவதே அடுத்த வேலை. இரண்டில் ஒன்றைக்கூடச் செய்யாமல் 'பின்னடைவுக்கு எடை வேண்டாம்' என்று மட்டும் எழுதுபவர், அந்த அறிஞர்கள் வைத்த நிபந்தனையை விட்டுவிட்டு முடிவை மட்டும் எடுத்துக்கொள்கிறார்.

இன்னொன்று. இந்த வாதம் எடையைப் பற்றியது மட்டுமே. கொத்தைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை. எடையை விடலாம் என்று சொல்லும் எந்த அறிஞரும், ஒரே கிராமத்துப் பெண்களை ஒருவருக்கொருவர் தொடர்பற்றவர்களாகக் கருதித் திட்டப் பிழையைக் கணிக்கலாம் என்று சொல்லவில்லை. மூன்றாவது வாதத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது பிழையை மறைக்க முடியாது.

சரியாகச் செய்வது கடினமும் அல்ல. ஸ்டேட்டாவில் நான்கு வரிகள் போதும்:

```
gen wt = v005/1000000
svyset v021 [pweight=wt], strata(v022) singleunit(centered)
svy: logistic y i.v106 i.v025
svy, subpop(if v012<20): mean y
```

`v021` கொத்து, `v022` அடுக்கு. எந்த ஆய்வில் அடுக்குக்கு `v022`, எதில் `v023` என்பதை அந்தந்த ஆய்வின் ஆவணத்தில் சரிபார்க்க வேண்டும். நான்காவது வரியைக் கவனியுங்கள்: இருபது வயதுக்குட்பட்டவர்களை மட்டும் ஆராய வேண்டுமென்றால் மற்றவர்களைக் கோப்பிலிருந்து அழித்துவிடக் கூடாது. அழித்தால் சில கொத்துகளே காணாமல் போகும். திட்டப் பிழை தவறாகும். `svy` இல்லாமல், `logistic` கட்டளையிலேயே `[fweight=v005]` என்று வகுக்காத எடையைப் போட்டால் மென்பொருள் மறுப்புச் சொல்லாது. `v005` முழு எண் என்பதால் அது அப்படியே ஏற்றுக்கொள்ளும். திரையில் பேட்டி எண்ணிக்கை 72 ஆயிரம் கோடியைத் தாண்டி நிற்கும். எல்லா `p` மதிப்பும் 0.000 என்று வந்தால் முதலில் அந்த எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும்.

தரவுக் கோப்பு கையில் இல்லாத வாசகரும் ஒரு கட்டுரையைச் சோதிக்கலாம். அட்டவணையில் உள்ள சதவீதத்தையும் எண்ணிக்கையையும் எடுத்து, எளிய மாதிரிக்கான நம்பிக்கை இடைவெளியைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஆயிரம் பேரில் 40 சதவீதம் என்றால் அது கூட்டல் கழித்தல் 3 புள்ளி. அச்சிட்டிருப்பதும் 37 முதல் 43 வரை என்றே இருந்தால், வரிக்கு வரி அப்படியே பொருந்தினால், கொத்துகள் கணக்கில் வரவில்லை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். எண்ணிக்கையை மொத்தத்தால் வகுத்தாலே அச்சிட்ட சதவீதம் துல்லியமாகக் கிடைக்கிறது என்றால், ஒன்று எடை போடவில்லை, அல்லது எடை போட்ட எண்ணிக்கையை மட்டும் காட்டி உண்மையான பேட்டி எண்ணிக்கையை மறைத்திருக்கிறார்கள். ஆய்வின் அதிகாரபூர்வ அறிக்கைகள் 25 முதல் 49 பேட்டிகளை மட்டும் வைத்த மதிப்பீடுகளை அடைப்புக்குறிக்குள் போடுகின்றன. 25-க்கும் குறைந்தால் எண்ணையே வெளியிடாமல் உடுக்குறி இடுகின்றன. அதே தரவை எடுத்து எழுதும் கட்டுரைகளுக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாடு ஏன் வேண்டாம்?

இந்த அக்கறை வெளியிலிருந்து வந்து சேர்ந்த பழக்கமும் அல்ல. மகலனோபிஸ் முயற்சியில் 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில், ஒரே களத்தில் தனித்தனியான துணை மாதிரிகளை எடுத்து, அவற்றின் விடைகள் எவ்வளவு விலகுகின்றன என்பதைக் கொண்டே பிழையை அளக்கும் முறை இருந்தது. மதிப்பீட்டோடு அதன் நிச்சயமின்மையையும் சேர்த்துத் தர வேண்டும் என்பது இந்நாட்டுப் புள்ளியியலில் வேரோடிய கொள்கை. அந்த மரபில் வந்த தரவை எடுத்துக்கொண்டு நிச்சயமின்மையை மட்டும் உதறிவிடுவது நியாயமல்ல.

ஆகவே பத்திரிகை ஆசிரியர்களிடமும் ஆய்வு நெறியாளர்களிடமும் ஒரு கோரிக்கை. 'எடை பயன்படுத்தப்பட்டது' என்ற வரியை இனி ஏற்காதீர்கள். எந்த எடை, எது கொத்து, எது அடுக்கு, திட்டப் பிழை எந்த முறையில் கணிக்கப்பட்டது என்று நான்கையும் எழுதச் சொல்லுங்கள். முக்கிய மதிப்பீடுகளுக்கு வடிவமைப்பு விளைவையும் எடை போடாத பேட்டி எண்ணிக்கையையும் ஒரு பத்தியில் அச்சிடச் சொல்லுங்கள். பின்னடைவில் எடையை விடுபவர் இரு கணிப்புகளையும் காட்டட்டும். இவற்றுக்கு மேலதிகத் தரவு வேண்டாம், செலவு வேண்டாம். ஒரு பிற்பகல் வேலைதான். இதைச் செய்ய முடியாத கட்டுரை, ஏழு லட்சம் என்ற எண்ணைத் தன் முதல் பத்தியில் போட்டுக்கொள்ளும் உரிமையை இழக்கிறது.